ஒரே வீடு, இரண்டு மண்: களி சொன்ன பழைய கதை

நுவரெலியாப் பக்கம், பள்ளத்தாக்கின் அடியில் ஒரு மாடி வீடு. முன்பு லீக்ஸும் கரட்டும் போட்டிருந்த நிலம். கட்டி முடித்து இரண்டு மழைக்காலம் போனதும் ஓடைப் பக்கத்து அறைகளின் கதவுகள் நிலையில் உரசத் தொடங்கின. அப்புறம் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு வெடிப்பு, மேலே போகப் போக அகலமாகி, மாடி வரைக்கும் ஏறியது. ரோட்டுப் பக்கத்துப் பாதி வீட்டில் ஒரு கீறல்கூட இல்லை. மட்டம் வைத்துப் பார்த்தபோது ஓடைப் பக்கம் 14 சென்டிமீற்றர் அதிகமாகத் தாழ்ந்திருந்தது.

பாஸ் சீமெந்தைக் குறைத்துவிட்டார் என்றுதான் முதலில் பேச்சு. பாவம், அவர் மேல் தப்பில்லை. கட்டுவதற்கு முன் மண் பரிசோதனையும் நடந்திருக்கிறது. ஒரே ஒரு துளை போட்டு, 3 மீற்றர் ஆழத்தில் களி எடுத்து, இறுகல் பரிசோதனை செய்து, ‘ஓ.சி.ஆர். 2.4, தாழ்வு சுமார் 4 சென்டிமீற்றர்’ என்று அறிக்கை கொடுத்திருந்தார்கள். அந்த இலக்கமும் பிழையில்லை. துளை போட்ட இடத்துக்கு அது சரியான இலக்கம். வீட்டின் மறுபாதி அந்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

ஓ.சி.ஆர். என்றால் என்ன என்று வீட்டுக்காரர் என்னிடம் கேட்டார். அவர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், அதனால் கொழுந்துச் சாக்கை வைத்தே சொன்னேன். பறித்த கொழுந்தைச் சாக்கில் போட்டுக் காலால் மிதித்து அடைத்தால் அது அமுங்கும். (மிதித்தால் கொழுந்து சூடாகிக் கெட்டுப்போகும், கணக்கப்பிள்ளை கத்துவார், அது வேறு விஷயம்.) காலை எடுத்தால் கொஞ்சம் எழும்பும், முழுதாக எழும்பாது. அதற்குப் பிறகு கையால் எவ்வளவு அழுத்தினாலும் பெரிதாக அசையாது. மறுபடி நன்றாக அமுங்க வேண்டுமென்றால், முன்பு மிதித்ததைவிட அதிகமாக மிதிக்க வேண்டும்.

களியும் அப்படித்தான். தன் வாழ்நாளில் தாங்கிய மிகப் பெரிய அழுத்தத்தை அது நினைவில் வைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தைத்தான் முன்னிறுகல் அழுத்தம் என்கிறோம். இன்றைக்கு மேலே இருக்கும் மண்ணால் அந்தக் களி தாங்கும் அழுத்தம் இன்னொன்று. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் கிடைப்பது மிகையிறுகல் விகிதம், ஆய்வுகூடத்துப் பேச்சில் ஓ.சி.ஆர்.

OCR = σ′p / σ′v0

1 வந்தால், இன்றைய சுமைதான் அந்தக் களி பார்த்ததிலேயே பெரிய சுமை. அதற்கு மேல் எதை வைத்தாலும் அதற்குப் புதுச் சுமை, நன்றாக அமுங்கும். 2, 3 என்று வந்தால் முன்பு எப்போதோ இன்னும் பெரிய சுமையைத் தாங்கியிருக்கிறது, அந்த எல்லை வரைக்கும் கொஞ்சம்தான் அசையும். சூத்திரத்தில் எழுத்தின் மேல் இருக்கும் சிறு கோட்டைக் கவனிக்க வேண்டும். மேலே கிடக்கும் மொத்த எடையில் நிலத்தடி நீர் தாங்கும் பங்கைக் கழித்துவிட்டு, மண் துகள்கள் ஒன்றோடொன்று தொட்டுத் தாங்கும் பங்கை மட்டும் எடுக்கிறோம் என்பதற்கான குறி அது. இந்த வீட்டில் நீர்மட்டம் 1 மீற்றரில் இருந்தது. 3 மீற்றர் ஆழத்தில் மொத்த எடை 49 கிலோபஸ்கால். அதில் தண்ணீரின் பங்கு 20. மண் தாங்கியது 29.

இந்த 29ஐ யாரும் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். பழைய அழுத்தத்தைக் களியிடம்தான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதுதான் இறுகல் பரிசோதனை, அதற்கான கருவி எளிமையானது. 75 மில்லிமீற்றர் விட்டமும் 20 மில்லிமீற்றர் உயரமும் உள்ள ஒரு உலோக வளையம். குழாயில் வந்த களியை அந்த வளையத்துக்குள் செதுக்கி இறக்கி, மேலும் கீழும் நுண்துளைக் கல் வைத்து, தண்ணீர்த் தட்டில் உட்கார வைப்போம். பக்கவாட்டில் வளையம் விடாது, அதனால் களி செங்குத்தாக மட்டும்தான் அமுங்க முடியும். தண்ணீர் கல் வழியாக வெளியேறும். மேலே ஒரு நெம்புகோல், பத்துக்கு ஒன்று. அதன் முனையில் 4.5 கிலோ தொங்கவிட்டால் களியின் மேல் ஏறக்குறைய 100 கிலோபஸ்கால் விழும்.

சுமையைப் படிப்படியாக இரட்டிப்போம்: 12.5, 25, 50, 100, 200 என்று 800 வரைக்கும். ஒவ்வொரு படிக்கும் ஒரு நாள். சுமை வைத்தவுடன், களி அமுங்கும் அளவைக் காட்டும் முள் வேகமாக ஓடும், 15 விநாடி, 30 விநாடி என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். பிறகு மெதுவாகும். மறுநாள் காலையில் வந்து அன்றைய கடைசி வாசிப்பை எடுத்துவிட்டு அடுத்த எடையைத் தொங்கவிட வேண்டும். ஒரு மாதிரிக்குப் பத்து நாள் போய்விடும். அவசரக்கார வாடிக்கையாளருக்கு இதை விளங்கப்படுத்துவதுதான் எங்கள் வேலையிலேயே கஷ்டமான வேலை.

வரும் வாசிப்புகளை வரைபில் போடும்போது, கீழே அழுத்தத்தை மடக்கை அளவிடையிலும், பக்கத்தில் வெற்றிட விகிதத்தையும் குறிப்போம். வெற்றிட விகிதம் என்பது திண்மத் துகள்களின் கன அளவுக்கு அவற்றின் இடையிலுள்ள இடைவெளியின் கன அளவு எத்தனை மடங்கு என்பது. முதலில் கோடு கிட்டத்தட்டப் படுத்தபடி போகும். ஓரிடத்தில் வளைந்து, அங்கிருந்து செங்குத்தாகச் சரியும். அந்த வளைவுதான் களியின் வாக்குமூலம். அதற்கு முன்னால் உள்ள சுமை எல்லாம் அது ஏற்கெனவே பார்த்தது, அதற்குப் பின்னால் உள்ளவை பார்க்காதவை.

நான் இதை முதலில் நம்பியது பாடப் புத்தகத்தைப் படித்து அல்ல. ஒரு மாதிரியை 200 வரை ஏற்றி, 50க்கு இறக்கி, மறுபடி ஏற்றினோம். இரண்டாவது தடவை கோடு படுத்தபடியே போய், 200ஐ நெருங்கியதும் வளைந்து, பழைய சரிவில் போய்ச் சேர்ந்துகொண்டது. போன வாரம் நாங்களே கொடுத்த சுமையை அது அப்படியே திருப்பிச் சொன்னது. வழக்கமான பரிசோதனையிலேயே இந்த இறக்கி ஏற்றும் சுற்று உண்டு. களி பழைய சுமைக்குள் இருக்கும்போது எவ்வளவு அமுங்கும் என்பதை அதிலிருந்துதான் எடுக்கிறோம்.

வளைவு ஒரு கூர்மையான மூலையாக இருந்தால் கண்ணாலேயே படித்துவிடலாம், ஆனால் அப்படி வருவது அபூர்வம். 1936இல் ஆதர் கசகிராண்டே சொன்ன வரைமுறையைத்தான் இன்றும் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள். கோடு அதிகம் வளையும் இடத்தில் ஒரு தொடலி, அதே புள்ளியில் ஒரு கிடைக்கோடு, இரண்டுக்கும் நடுவில் கோணத்தைப் பாதியாக்கும் கோடு. செங்குத்தாகச் சரியும் பகுதியைப் பின்னோக்கி நீட்டினால் அது இந்த நடுக்கோட்டை எங்கே வெட்டுகிறதோ, அதுவே முன்னிறுகல் அழுத்தம். அதிகம் வளையும் இடம் எது என்பதை ஆள் பார்த்துத்தான் சொல்கிறார் என்பதை மறக்கக் கூடாது. ஒரே வரைபை மூன்று பேரிடம் கொடுத்தால் 65, 70, 80 என்று மூன்று விடை வரும். 50க்கும் 100க்கும் நடுவில் வாசிப்பே இல்லாதபோது 70 என்று அடித்துச் சொல்வதும் கொஞ்சம் துணிச்சல்தான். அந்த இடைவெளியில் 70, 85 என்று இடைப் படிகள் வைத்தால் வளைவு இன்னும் தெளிவாகத் தெரியும்.

இதைவிடப் பெரிய தொல்லை, மாதிரி கலங்கிப்போவது. குழாயை அடித்து இறக்கும்போதும், லொறியில் குலுங்கி வரும்போதும், செதுக்கும்போதும் களியின் அடுக்கு குலைகிறது. குலைந்த களிக்கு நினைவு மங்கிவிடும். வளைவு உருண்டையாகி, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியாமல் போகும், முன்னிறுகல் அழுத்தமும் உள்ளதைவிடக் குறைவாக வரும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நிலத்தில் இருந்தபோது தாங்கிய அழுத்தத்துக்கு, இங்கே 29க்கு, மாதிரியைத் திரும்பக் கொண்டுபோகும்போது அது எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்க வேண்டும். நல்ல மாதிரி மிகக் கொஞ்சம்தான் அமுங்கும். அந்தப் படியிலேயே முள் நிறைய ஓடிவிட்டால் அதற்குப் பிறகு வரும் வளைவை நம்பாமல் இருப்பது நல்லது.

சரி, வீட்டுக்கு வருவோம். பழைய அறிக்கையின் வரைபு நல்ல வரைபுதான். முன்னிறுகல் அழுத்தம் 70, இன்றைய அழுத்தம் 29, விகிதம் 2.4. அறிக்கை எழுதியவர் அதோடு நிறுத்திவிட்டார். அங்கேதான் கேள்வி தொடங்க வேண்டும்: மிச்சம் 41 கிலோபஸ்கால் எங்கிருந்து வந்தது?

களிக்கு இப்படிப் பழைய சுமை வருவதற்குப் பல வழி உண்டு. மேலே இருந்த மண் அரித்துப் போயிருக்கலாம். நீர்மட்டம் ஒரு காலத்தில் தாழ்ந்து, களி காய்ந்து இறுகியிருக்கலாம். வெறுமனே கிடந்து கிடந்தே, சுமை கூடாமலே, மெல்ல இறுகியிருக்கலாம். ஆனால் பள்ளத்தாக்கின் அடி என்பது மண் வந்து சேரும் இடம், அரித்துப் போகும் இடமல்ல. கிடந்து இறுகுவதால் 2.4 வருவது இவ்வளவு இளங்களிக்கு அதிகம். 41ஐ அள்ளிக் கொட்டிய மண்ணின் அலகு எடையால், கன மீற்றருக்கு 16.5 கிலோநியூற்றனால், வகுத்தால் இரண்டரை மீற்றர் வருகிறது. இரண்டரை மீற்றர் மண் மேடு ஒன்று இங்கே இருந்து, பிறகு இல்லாமல் போயிருக்க வேண்டும்.

பக்கத்து லயத்தில் ஒரு பெரியவரிடம் கேட்டோம். “ரோட்ட அகலமாக்குனப்ப மலைய வெட்டுன மண்ணெல்லாம் இங்கதான் தம்பி கொட்டுனாங்க. ரெண்டு ஆளு ஒசரம் இருக்கும். நாலஞ்சு வருசம் கெடந்திச்சி, அப்புறம் டிப்பர்ல அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க” என்றார். எது வரைக்கும் மேடு இருந்தது என்று நடந்து காட்டினார். அந்த எல்லை வீட்டின் நடுவால் போனது. சுவரில் வெடிப்பும் ஏறக்குறைய அங்கேதான் இருந்தது.

ரெண்டு ஆள் உயரம் என்பது இரண்டரை மீற்றருக்குக் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் ஞாபகத்தில் எந்த மேடும் வளரும். எனக்கு முக்கியமாகப் பட்டது ‘நாலஞ்சு வருசம்’. களியிலிருந்து தண்ணீர் வெளியேற நேரம் வேண்டும். இங்கே களிப் படை 4 மீற்றர், மேலும் கீழும் தண்ணீர் போக வழி உண்டு, பரிசோதனையில் வந்த இறுகல் வேகத்தை வைத்துப் பார்த்தால் 90 சதவீதம் இறுக ஒன்றே முக்கால் வருடமாவது பிடிக்கும். மேடு ஆறு மாதம் மட்டும் இருந்திருந்தால் அந்த எடை களியின் நினைவில் முழுதாகப் பதிந்திருக்காது. தண்ணீரே அதில் பெரும் பங்கைத் தாங்கியிருக்கும்.

ஓடைப் பக்கத்தில் இரண்டாவது துளை போட்டோம். அதே சாம்பல் நிறக் களி, அதே ஆழம், கையில் பிசைந்தால்கூட வித்தியாசம் தெரியாது. முன்னிறுகல் அழுத்தம் 35. விகிதம் 1.2. மேடு ஏறாத களி.

நிலத்தை உயர்த்தப் போட்ட நிரப்பு மண்ணும் வீடும் சேர்ந்து களியின் நடுவில் 30 கிலோபஸ்கால் கூட்டின, அதாவது 29 என்பது 59 ஆனது. ரோட்டுப் பக்கத்தில் 59 என்பது 70ஐவிடக் குறைவு. களிக்கு அது பழகிய சுமை. வெற்றிட விகிதம் 1.5, பழைய சுமைக்குள் அமுங்கும் சுட்டெண் 0.08 என்று வைத்துக்கொண்டால் தாழ்வு S இப்படி வரும், 4 என்பது படையின் தடிப்பு, 2.5 என்பது வெற்றிட விகிதத்தோடு 1ஐக் கூட்டியது:

```
S = 4 × 0.08/2.5 × log(59/29) = 0.04 m
```

ஓடைப் பக்கத்தில் 35 வரைக்கும்தான் பழக்கம். அதற்கு மேல் புதுச் சுமைக்கான சுட்டெண் 0.6, ஏழு மடங்குக்கும் அதிகம்:

```
S = 4 × 0.08/2.5 × log(35/29)
  + 4 × 0.60/2.5 × log(59/35) = 0.23 m
```

ஒரு பக்கம் 4 சென்டிமீற்றர், மறுபக்கம் 23. வீடு முழுதும் 23 தாழ்ந்திருந்தால் வாசல் படி ஒன்று மண்ணுக்குள் போயிருக்கும், தண்ணீர்க் குழாய் ஒன்றிரண்டு முறிந்திருக்கும், சுவர் ஓரளவு தப்பியிருக்கும். சுவரை உடைப்பது இரண்டுக்கும் இடையிலுள்ள 19. நாங்கள் மட்டம் பார்த்தபோது 14 வந்திருந்தது, மிச்சம் இன்னும் வர இருந்தது.

மேடு இருந்த பாதியும் எதையும் தாங்கும் என்று நினைக்கக் கூடாது. அங்கே 30க்குப் பதில் 60 ஏற்றியிருந்தால் அழுத்தம் 89 ஆகி 70ஐத் தாண்டும், தாழ்வு 15 சென்டிமீற்றர் ஆகும். சுமை இரண்டு மடங்கு, தாழ்வு ஏறக்குறைய நான்கு மடங்கு. விகிதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது தெரியாது. ஒரு பொறியியலாளருக்கு உண்மையில் வேண்டியது 70இலிருந்து 59ஐக் கழித்தால் வரும் மிச்சம்தான்.

இதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் வீட்டுக்காரருக்கு ஓ.சி.ஆர். பிடித்துப்போய்விட்டது. பள்ளத்தில் இனி வேண்டாம், பின்னால் சரிவில் இருக்கும் பத்துப் பேர்ச் துண்டில் புது வீடு கட்டலாம், அங்கேயும் அந்த டெஸ்டைச் செய்யுங்கள் என்றார். செய்தோம். 3 மீற்றரில் எடுத்த மாதிரியில் வளைவு 200இல் வந்தது. அங்கே இன்றைய அழுத்தம் 54. விகிதம் 3.7. அவருக்கு ஒரே சந்தோஷம். பள்ளத்துக் களியைவிட நல்ல மண் அல்லவா?

பள்ளத்தில் செய்த அதே கணக்கை இங்கே செய்து பார்ப்போம். 200இலிருந்து 54ஐக் கழித்து, மண்ணின் அலகு எடை 18ஆல் வகுத்தால் 8 மீற்றர் மண் அரித்துப் போயிருக்க வேண்டும். மலைச் சரிவு, அரிப்பு, நம்பும்படிதான் இருக்கிறது. ஆனால் அதே துளையில் 5 மீற்றரில் வளைவு 130இல் வந்தது, 7 மீற்றரில் 320இல் வந்தது. கணக்குப்படி முதலாவது 2 மீற்றர் அரிப்பு என்கிறது, இரண்டாவது ஏறக்குறைய 11 மீற்றர் என்கிறது. ஒரே இடத்தில் மேலே இருந்து போன மண் ஒன்றுதான். போன எடை எல்லா ஆழத்துக்கும் ஒரே அளவாகத் தெரிய வேண்டும். மூன்று ஆழத்திலும் இன்றைய அழுத்தத்தைக் கழித்த மிச்சம் 146, 40, 194 என்று தாறுமாறாக வந்தால் அது எடையின் நினைவே அல்ல.

சரிவு மண் தண்ணீரில் வந்து படிந்த மண் அல்ல. மலையகத்தின் அடியில் இருப்பது 50 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட நைஸ், சாணகைட் வகைப் பாறைகள். அவை இருந்த இடத்திலேயே உக்கி மண்ணாகின்றன. பெல்ஸ்பார் கயோலின் களியாக மாறுகிறது, குவாட்ஸ் மணல் மணியாக நிற்கிறது, மைக்கா மினுங்குகிறது. மாதிரியைக் குறுக்கே வெட்டினால் பழைய பாறையின் கறுப்பு வெள்ளை வரிகள் அப்படியே தெரியும், விரலால் அழுத்தினால் மாவாக உதிரும். பாறையாக இருந்தபோது துகள்களை இணைத்த பிணைப்பில் ஒரு பங்கு இன்னும் மிச்சம் இருக்கிறது. 200இல் உடைந்தது அந்தப் பிணைப்பு. உக்கல் கூடிய இடத்தில் அது சீக்கிரம் உடையும், குறைந்த இடத்தில் தாமதிக்கும், ஆழத்தோடு ஒழுங்காகக் கூட வேண்டும் என்ற கட்டாயமில்லை. முன்னிறுகல் அழுத்தம் என்ற பெயரே இங்கே பொருந்தாது. இளகல் அழுத்தம் என்று சொன்னால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

இன்னொரு ஏமாற்று மடக்கை அளவிடையில் இருக்கிறது. சுமைக்கு நேர்விகிதத்தில் ஒழுங்காக அமுங்கும் ஒரு மண்ணை, எந்தப் பழைய நினைவும் இல்லாத மண்ணை, மடக்கை அளவிடையில் வரைந்தாலும் கோடு முதலில் படுத்துப் பிறகு வளைந்து சரியும். அளவிடைதான் வளைக்கிறது. 5 மீற்றர் மாதிரியைச் சாதாரண அளவிடையில் மறுபடி வரைந்தபோது 130இல் எந்த வளைவும் இல்லை, நேராகப் போனது. 3 மீற்றர் மாதிரியில் 200இல் முறிவு இரண்டு அளவிடையிலும் தெரிந்தது. இரண்டு வரைபும் போட ஐந்து நிமிடம்கூட ஆகாது. சரிவு மண்ணுக்கு இதைச் செய்யாமல் ஓ.சி.ஆர். எழுதுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை.

மூன்றாவது விஷயம் தண்ணீர். சரிவில் நீர்மட்டம் ஆழத்தில் இருப்பதால் துகள்களுக்கிடையே உள்ள கொஞ்ச ஈரம் மயிர்த்துளை இழுவையால் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும். அந்த 200 இயற்கை ஈரத்தில் கிடைத்தது. அதே கட்டியின் இன்னொரு துண்டைத் தண்ணீரில் ஊற வைத்துச் செய்தபோது முறிவு 120க்கு இறங்கியது. பள்ளத்துக் களியின் 70 எந்த மழைக்கும் 70தான், ஏற்கெனவே நனைந்து கிடப்பது. சரிவு மண்ணின் இலக்கம் பருவமழையோடு மாறும். களிக்கென்று எழுதிய சூத்திரங்களில், ஓ.சி.ஆரைப் போட்டு வலிமையைக் கணக்கிடும் சூத்திரங்கள் உட்பட, இதைக் கொண்டுபோய்ப் போட்டால் விடை வரும். அந்த விடைக்கும் அந்தச் சரிவு மழையில் நிற்குமா வழுக்குமா என்பதற்கும் சம்பந்தம் இருக்காது. அதற்கு வெட்டுவலிமைப் பரிசோதனையும் நீர்மட்ட அவதானிப்பும் தனியாக வேண்டும்.

புது அறிக்கையில் ஆய்வுகூடப் படிவத்தின் வழக்கமான கட்டங்கள் எல்லாம் இருந்தன. இயற்கை ஈரத்தில் 200, ஊறிய பிறகு 120 என்று எழுதினோம். ஓ.சி.ஆர். என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டும் போட்டோம். வீட்டுக்காரர் போன் பண்ணி, அந்த இடம் மட்டும் விடுபட்டிருக்கிறதே என்று கேட்டார்.